அழித்த சொல் ஏன் திரும்பி வருகிறது?

"தமிழ்ல ஏதோ அவசரத்துல 'முயற்ச்சி'ன்னு ரெண்டு மூணு தடவை தப்பா அடிச்சுட்டேன். இப்ப 'முய' அடிச்சாலே அதுதான் முதல்ல வந்து நிக்குது. கீபோர்டு கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்க முடியுமா? இன்னொண்ணு, அழிச்ச பிறகும் சில வார்த்தை திரும்ப வருதே, அது எப்படி? ஆண்ட்ராய்டு போன்."

முடியும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதலாவதைச் செய்தால் பாதி வேலைதான் நடக்கும். அதனால் அந்தச் சொல் போனுக்குள் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எழுத்துகளுக்கு மேலே உள்ள பட்டையில் மூன்று சொற்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றாலும், மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று, கீபோர்டோடு சேர்ந்து வந்த அடிப்படை அகராதியிலிருந்து வந்திருக்கலாம். அதை நீங்கள் தொட முடியாது. இன்னொன்று, நீங்கள் தட்டச்சு செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கீபோர்டு தானே சேர்த்துவைத்த வரலாற்றிலிருந்து வந்திருக்கலாம். மூன்றாவது, "இதை அகராதியில் சேர்" என்று நீங்களே எப்போதோ சேர்த்த தனி அகராதியிலிருந்தோ, தொடர்புகளில் சேமித்துள்ள பெயர்களிலிருந்தோ வந்திருக்கலாம். "கற்றதை அழி" என்று கட்டளை கொடுத்தால் இவற்றில் நடுவில் சொன்ன ஒன்று மட்டும்தான் காலியாகும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். அழித்த சொல் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்போது அந்த நடு அறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நீங்கள் ஒரு சொல்லை அடித்து முடித்து இடைவெளியோ புள்ளியோ போடும் நொடியில், அல்லது பட்டையில் உள்ள ஒரு பரிந்துரையைத் தொடும் நொடியில், கீபோர்டு அந்தச் சொல்லைப் பதிவு செய்கிறது. கூடவே அதற்கு முன்னால் வந்த சொல்லையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. "மீண்டும்" என்ற சொல்லுக்குப் பின் நீங்கள் பத்து முறை "முயற்சி" என்று எழுதியிருந்தால் அந்த இணைக்கு மதிப்பு ஏறும். அடுத்த முறை "மீண்டும்" என்று அடித்து இடைவெளி விட்டதுமே, ஓர் எழுத்துகூட அடிக்காமல், "முயற்சி" பட்டையில் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் கீபோர்டில் இந்த அறைக்கு வைத்த பெயரே UserHistoryDictionary. பெயருக்கு ஏற்ப அது ஒரு வரலாற்றுப் பதிவுதான். எது சரி, எது பிழை என்ற தீர்ப்பு அதற்குள் கிடையாது. எது எத்தனை முறை வந்தது, எதன் பின்னால் வந்தது என்பது மட்டும்தான் உண்டு.

அடிப்படை அகராதியில் இல்லாத ஒரு சொல்லை முதல்முறை அடித்த உடனேயே கீபோர்டு அதைப் பரிந்துரைக்கத் தொடங்குவதில்லை. அது கைதவறி விழுந்த எழுத்தாக இருக்கலாம் அல்லவா? அதனால் உள்ளே குறித்துக்கொண்டு காத்திருக்கும். அதே சொல் மறுபடி வந்தால்தான் பட்டையில் காட்டும் அளவுக்கு அதன் மதிப்பு உயரும். நீங்கள் சொன்ன "ரெண்டு மூணு தடவை" இங்கேதான் வேலை செய்திருக்கிறது. இதைவிட வலுவான சைகை ஒன்றும் இருக்கிறது. கீபோர்டு தானாகத் திருத்திய சொல்லை நீங்கள் பின்னால் போய் அழித்து, பழையபடியே அடித்தீர்கள் என்றால், "இந்த ஆள் இதைத் தெரிந்துதான் எழுதுகிறார்" என்று அது எடுத்துக்கொள்ளும். ஐபோனின் கையேடே, அது காட்டும் திருத்தத்தை நீங்கள் மறுக்கும்போதுதான் உங்கள் சொல் கீபோர்டு அகராதியில் சேர்கிறது என்று சொல்கிறது.

அதன் பிறகு நடப்பதுதான் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. "முய" என்று அடித்ததும் "முயற்ச்சி" முன்னால் நிற்கிறது. அவசரத்தில் அதையே தொட்டுவிடுகிறீர்கள். தொட்டதும் ஓர் எண்ணிக்கை கூடுகிறது. எண்ணிக்கை கூடியதால் அடுத்த முறையும் அதுவே முன்னால் நிற்கிறது. நீங்கள் மூன்று முறைதான் கையால் தவறாக அடித்திருப்பீர்கள். மிச்சம் முப்பது முறை கீபோர்டே எடுத்துக் கொடுத்து, நீங்கள் வாங்கிக்கொண்டதாக இருக்கும். பதிவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நீங்கள் அனுப்பிய செய்தியை அழித்தாலும், அந்த உரையாடலையே நீக்கினாலும், கீபோர்டின் பதிவில் ஒன்றும் மாறாது. செய்தி வேறு ஆப்பில் இருக்கிறது. சொல்லை எண்ணியது கீபோர்டு. நிறையப் பேர் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

சரி, எப்படி நீக்குவது? முழு அழிப்புக்குப் போகாமல் ஒரு சொல்லை மட்டும் நீக்கிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது கூகுளின் ஜிபோர்டு என்று வைத்துக்கொள்கிறேன். குறிப்புகள் எழுதும் ஏதாவது ஓர் ஆப்பைத் திறந்து "முய" என்று மட்டும் அடியுங்கள். "முயற்ச்சி" பட்டையில் வந்ததும் அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். திரையில் ஒரு குப்பைத்தொட்டி தோன்றும். விரலை எடுக்காமல் சொல்லை அதற்குள் இழுத்துவிடுங்கள். சாம்சங் கீபோர்டிலும் பரிந்துரையை அழுத்திப் பிடித்தால் நீக்கட்டுமா என்று கேட்கும்.

செய்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். தமிழில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு "முயற்சி" ஒரு சொல். "முயற்சியை", "முயற்சியால்", "முயற்சிக்கிறேன்", "முயற்சித்தேன்" எல்லாம் அதன் வடிவங்கள். கீபோர்டின் பதிவில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சொற்கள். ஆகவே நீங்கள் "முயற்ச்சி" என்பதைத் தொட்டியில் போட்டாலும் "முயற்ச்சிக்கிறேன்" அங்கேயே இருக்கும். மறுநாள் "முயற்" வரை அடித்ததும் அது தலை நீட்டும். அழித்தது திரும்பி வந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் வந்திருப்பது அதன் உறவுக்காரச் சொல்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். "முய" அடித்து வருவதை நீக்குங்கள். பிறகு "முயற்ச்" வரை கையாலேயே அடியுங்கள். பிழையான வடிவங்கள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக மேலே வரும். வரும் ஒவ்வொன்றையும் இழுத்துப் போடுங்கள். பிறகு "சிய", "சியை" என்று ஓரிரு எழுத்துகளைக் கூட்டி அடித்தும் பாருங்கள், மிச்சம் இருந்தால் தெரியும். இதற்கிடையில் இடைவெளி விசையை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் நீங்கள் அடித்த அரைகுறைச் சொல் புதிதாகப் பதிவாகும். அடித்ததைப் பின்விசையால் அழித்துவிட்டு வெளியே வாருங்கள். கடைசியாக "முயற்சி", "முயற்சிக்கிறேன்", "மீண்டும் முயற்சி" என்று சரியான வடிவங்களைச் சில முறை முழுதாகக் கையால் அடித்து இடைவெளி போடுங்கள். காலியான இடத்தில் சரியான சொல் ஏறி உட்கார இது உதவும்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கீபோர்டின் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். சில சமயம் பட்டையில் ஒரே சொல் இரண்டு முறை வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். "கௌரவம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ககரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்திருக்கும். மற்றொன்றில் "கெ" என்று எழுதி, பக்கத்தில் "ள" என்ற எழுத்தை வைத்திருப்பீர்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் கீபோர்டுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சொல்லின் முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்துப் பின்விசையை ஒருமுறை அழுத்துங்கள். வெறும் "க" மிஞ்சினால் அது சரியான வடிவம். "கெ" மிஞ்சினால் அது ளகரம் போட்ட போலி. போலியைத்தான் நீக்க வேண்டும்.

இனி முழு அழிப்பு. பிழைகள் நிறையச் சேர்ந்துவிட்டால், அல்லது போனை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதுதான் வழி. ஜிபோர்டில் போனின் Settings திறந்து System, அதற்குள் Keyboard அல்லது Languages & input, பிறகு On-screen keyboard, Gboard, Privacy என்று உள்ளே போங்கள். அங்கே Delete learned words and data என்று இருக்கும். அதைத் தொட்டதும் ஓர் எண்ணைக் காட்டி, அதையே திரும்ப அடிக்கச் சொல்லும். கைதவறி அழித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பழைய பதிப்புகளில் இதே கட்டளை Advanced என்ற பக்கத்தில் இருந்தது. போன் தமிழில் இருந்தால் இந்தப் பெயர்களும் தமிழில் தெரியும், வரிசை அதேதான். சாம்சங் கீபோர்டு என்றால் Settings, General management, Samsung Keyboard settings, Reset to default settings என்று போய் Erase personalized predictions என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் கீபோர்டின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வேறு ஒரு தேர்வும் இருக்கும். அது உங்களுக்குத் தேவையில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். Settings, General, Transfer or Reset iPhone, Reset, பிறகு Reset Keyboard Dictionary. பூட்டு எண்ணைக் கேட்கும். Reset என்பதற்குப் பக்கத்திலேயே போனையே அழிக்கும் தேர்வும் இருப்பதால் பெயரை நிதானமாகப் படித்துவிட்டுத் தொடுங்கள். ஆண்ட்ராய்டில் செய்வதுபோல் ஒரு சொல்லை இழுத்துப் போடும் வசதி அங்கே இல்லை. ஒரே ஒரு பிழைதான் தொல்லை என்றால் General, Keyboard, Text Replacement என்ற இடத்தில் Phrase என்ற கட்டத்தில் சரியான சொல்லையும், Shortcut என்ற கட்டத்தில் பிழையான சொல்லையும் கொடுத்துவிடலாம். பிழையை அடித்தால் சரியானதாக மாறிக்கொள்ளும்.

முழு அழிப்புக்கு விலை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பிழையான நாற்பது சொற்களோடு, நீங்கள் தினமும் எழுதும் பெயர்களும், தொழில் சொற்களும், உங்கள் பேச்சு வழக்கும் சேர்ந்து போகும். தமிழுக்குத் தனி, ஆங்கிலத்துக்குத் தனி என்று கீபோர்டு பதிவு வைத்திருந்தாலும் இந்தக் கட்டளை எல்லா மொழிகளையும் சேர்த்தே காலி செய்யும். பிறகு சில நாட்களுக்கு உங்கள் வீட்டுப் பெயர்களையெல்லாம் அது திருத்தப் பார்க்கும். எனவே அழிப்பதற்கு முன்னால், இழக்க விரும்பாத பதினைந்து இருபது சொற்களைத் தனி அகராதியில் சேர்த்துவிடுங்கள். ஜிபோர்டில் அது Dictionary, Personal dictionary என்ற இடத்தில், மொழிவாரியாக இருக்கும். அங்கே நீங்கள் சேர்த்தது கற்றதை அழிக்கும் கட்டளையால் போகாது. நான் எப்போதும் இப்படிச் செய்துவிட்டுத்தான் அழிக்கிறேன். அழித்த மறுநாள் எழுதும்போது இதன் அருமை தெரியும்.

அதே தனி அகராதிதான் அழித்த சொல் திரும்பி வருவதற்கும் முதல் காரணம். எப்போதோ சிவப்புக் கோடு விழுந்த சொல்லைத் தொட்டு "அகராதியில் சேர்" என்று கொடுத்திருப்பீர்கள். அது இந்தப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் இந்தத் தனி அகராதிக்கென்று கீபோர்டுக்கு வெளியே, போன் அளவிலேயே ஒரு பொதுச் சேமிப்பு உண்டு. அதனால் கீபோர்டு ஆப்பின் தரவு முழுவதையும் அழித்தாலும், கீபோர்டையே மாற்றினாலும்கூட அந்தச் சொல் உங்களைத் தொடரலாம். பட்டியலைத் திறந்து, சொல்லைத் தொட்டு, கையால்தான் நீக்க வேண்டும்.

இரண்டாவது இடம் தொடர்புகள். யாரோ ஒருவரின் பெயரைத் தொடர்புகளில் பிழையாகச் சேமித்திருந்தால் அந்தப் பிழை அங்கிருந்தே வரும். எத்தனை முறை அழித்தாலும் வரும். தொடர்பில் பெயரைத் திருத்துங்கள், அல்லது ஜிபோர்டின் Text correction பக்கத்தில் Suggest contacts என்பதை அணைத்துவிடுங்கள். மூன்றாவது, கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் கீபோர்டுகள். ஸ்விஃப்ட்கீ போன்றவை நீங்கள் இயக்கியிருந்தால் கற்றதைக் கணக்கில் காப்பு எடுத்து வைக்கும். போனில் மட்டும் அழித்தால் அடுத்த ஒத்திசைவில் எல்லாம் இறங்கி வந்துவிடும். அங்கே கணக்கில் உள்ளதை முதலில் நீக்கி, ஒத்திசைவை அணைத்து, அதன் பின்புதான் போனில் அழிக்க வேண்டும்.

நான்காவது சந்தேகத்துக்குரியது கீபோர்டே இல்லை. முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை பட்டையில் வந்தால் அது தானியங்கி நிரப்பியின் வேலையாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த நிரப்பியின் பரிந்துரைகளும் கீபோர்டின் பட்டைக்குள்ளேயே வரத் தொடங்கின. அதனால் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடிவதில்லை. குறிப்பு எழுதும் ஆப்பில் போய் அதே முதல் எழுத்துகளை அடித்துப் பாருங்கள். அங்கேயும் வந்தால் கீபோர்டுதான். படிவங்களிலும் நுழைவுப் பக்கங்களிலும் மட்டும் வந்தால் அது நிரப்பி. அதைப் போனின் Settings பகுதியில், Autofill என்று தேடித்தான் சரிசெய்ய வேண்டும்.

அழித்தது உண்மையில் போனதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். குறிப்பு ஆப்பில் பிழையான சொல்லின் முதல் மூன்று எழுத்துகள், பிறகு அந்தச் சொல்லுக்கு முன்னால் நீங்கள் வழக்கமாக எழுதும் சொல்லும் ஓர் இடைவெளியும். இரண்டு நிலையிலும் அது வராவிட்டால் பதிவு காலி. அன்றே போய் மறுநாள் திரும்பி வந்தால் ஒத்திசைவைச் சந்தேகப்படுங்கள். ஒரு நொடிகூடப் போகாமல் அப்படியே நின்றால் தனி அகராதி அல்லது தொடர்புகள்.

கடைசியாக, எதைக் கீபோர்டு கற்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சொல் கட்டத்தில் அடிப்பதை அது பதிவு செய்வதில்லை, ஏனென்றால் அந்தக் கட்டம் தன்னை இன்னதென்று அறிவித்துவிடுகிறது. ஆனால் அதே கடவுச்சொல்லை ஓர் உரையாடலில் யாருக்காவது அடித்து அனுப்பினால் அது சாதாரணச் சொல்தான். எனக்கு இது நடந்திருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லை வீட்டில் உள்ளவர்களுக்குச் சில முறை செய்தியில் அனுப்பியிருந்தேன். ஒருநாள் என் போன் திரையைப் பெரிய திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, முதல் இரண்டு எழுத்துகள் பட்டதுமே அது முழுதாக எல்லார் முன்னாலும் வந்து நின்றது. அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினேன். பட்டையிலிருந்து சொல்லை நீக்கியது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே பலர் பார்த்துவிட்ட கடவுச்சொல்லைக் கீபோர்டிலிருந்து மட்டும் நீக்குவதால் பயனில்லை.

அப்படிப்பட்ட ஒன்றை அடிக்கத்தான் வேண்டும் என்றால், கற்காத நிலையில் அடியுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல், "இங்கே அடிப்பதைக் கற்காதே" என்று ஓர் ஆப் கீபோர்டைக் கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. குரோமின் மறைநிலைப் பக்கத்தில் தட்டும்போது ஜிபோர்டில் தொப்பியும் கண்ணாடியும் உள்ள சின்னம் தெரிவது அதனால்தான். சிக்னல் ஆப்பின் அமைப்புகளில் Incognito keyboard என்று ஒரு சுவிட்சே இருக்கிறது. இது ஒரு வேண்டுகோள் மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். அதை மதிப்பதும் மதிக்காததும் கீபோர்டின் கையில். யார் செய்தது என்று தெரியாத கீபோர்டுகளை நான் போனில் ஏற்றுவதே இல்லை.

கற்பதே வேண்டாம் என்றால் ஜிபோர்டின் அதே Privacy பக்கத்தில் Personalization என்ற சுவிட்சை அணைக்கலாம். உங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. "முயற்ச்" வரை அடித்து, வருவதையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, தனி அகராதிப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே "முயற்ச்சி" இருந்தால் அதையும் நீக்குங்கள். அதன் பிறகும் வந்தால் எந்தக் கீபோர்டு, எந்த ஆப்பில் வருகிறது என்று எழுதுங்கள், பார்ப்போம்.